ரைம் விகுதிக்கு முன்னால் இருக்கிறது

தமிழில் ராப் எழுத உட்காருகிறவருக்கு முதல் பத்து நிமிடம் வெகு எளிதாகப் போகும். ஒரு வரி 'நடக்கிறேன்' என்று முடியும். அடுத்தது 'பார்க்கிறேன்', அதற்கடுத்தது 'சிரிக்கிறேன்', பிறகு 'துடிக்கிறேன்'. பக்கம் நிறைந்துவிடும், வரிக்கு வரி ஓசை ஒத்துவருகிறது என்ற திருப்தியும் வந்துவிடும். ஆனால் அதையே பீட்டில் போட்டுச் சொல்லிப் பார்த்தால் நான்காவது வரியிலேயே கேட்கிறவருக்கு அலுத்துவிடுகிறது.

இதற்குக் காரணம் நம் மொழியின் அமைப்பு. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும். அந்த வினைச்சொல்லின் கடைசியில் விகுதி நிற்கும். 'நான்' என்று தொடங்கினால் 'ஏன்' என்றுதான் முடியும், 'அவன்' என்று தொடங்கினால் 'ஆன்'. ஆக, இந்த ஒற்றுமையை எழுதியவர் உண்டாக்கவில்லை, இலக்கணம் இலவசமாகக் கொடுத்திருக்கிறது. எல்லா வரியிலும் தானாகக் கிடைப்பதைக் காது ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. தமிழ் ராப்பில் ரைம் என்று சொல்லத்தக்கது விகுதிக்கு முன்னால், சொல்லின் உடம்பில் இருக்க வேண்டும். இதை ஏற்றுக்கொண்டவருக்கு எழுதும் முறையே மாறிவிடும்.

ஆங்கில ராப்பும் ஒரு காலத்தில் வரிக் கடைசியை மட்டுமே நம்பியிருந்தது. 1973-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்துகளிலிருந்து வளர்ந்த கலை அது. தொடக்க காலத்து ராப் வரிகள் பெரும்பாலும் கடைசிச் சொல்லில் ஓரசை ஒத்துவந்தால் போதும் என்று இருந்தன. அதை மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ராகிம். லாங் ஐலண்டைச் சேர்ந்த அவர் சிறுவயதில் சாக்ஸஃபோன் வாசித்தவர். எரிக் பி உடன் சேர்ந்து 1987-ல் அவர் வெளியிட்ட 'பெய்ட் இன் ஃபுல்' ஆல்பத்தில் ரைம் வரியின் கடைசியைவிட்டு நடுவுக்கு வந்தது. இரண்டு அசை, மூன்று அசை என்று நீண்டது. ஒரு வரியில் தொடங்கி அடுத்த வரிக்குள் போய் முடிந்தது. கூல் ஜி ராப், பிக் டாடி கேன் போன்றவர்களும் அதே காலத்தில் இந்த வழியில் போனார்கள். பல அசைகள் தொடர்ச்சியாக ஒத்துவரும் இந்த வகையை ராப் எழுதுகிறவர்கள் சுருக்கமாக 'மல்டி' என்பார்கள்.

மல்டிக்கு அடிப்படை உயிரோசை. மெய் மாறலாம், உயிர் அதே வரிசையில் வர வேண்டும். ஆங்கிலத்தில் 'ஆரஞ்சு' என்ற சொல்லுக்கு ரைமே கிடையாது என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. 2010-ல் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியில் எமினெம் அதை மறுத்தார். அந்தச் சொல்லைச் சற்றே இழுத்து உச்சரித்து, அதே உயிரோசை வரும் இரட்டைச் சொற்களை வரிசையாக அடுக்கிக் காட்டினார். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காதது, ஓர் ஓசை வரிசைக்கு ஒரு தொடரைத் தேடினால் கிடைத்துவிடுகிறது.

தமிழுக்கு இது புதிதல்ல என்று உடனே தோன்றும். நமக்கு எதுகையும் மோனையும் இயைபும் உண்டு. ஆனால் மல்டி இவற்றில் எதுவும் அல்ல. மோனைக்கு முதல் எழுத்து போதும். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றாகவும் முதல் எழுத்தின் அளவு சமமாகவும் இருந்தால் போதும். மல்டியோ மூன்று, நான்கு, ஆறு அசைக்குத் தொடர்ந்து ஒரே உயிர் வரிசையைக் கேட்கிறது. அதில் குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் வர வேண்டும். 'கெடக்கு' என்பதும் 'கேக்குது' என்பதும் எழுத்தில் பார்க்க உறவு போலத் தெரியும். சொல்லிப் பார்த்தால் முதல் எழுத்திலேயே இரண்டும் பிரிந்துவிடும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தமிழில் அந்த இடத்தை மாத்திரை பிடித்துக்கொள்கிறது. ஆங்கில ராப்பை அப்படியே பின்பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இனி ஒரு வெர்ஸை எழுதிப் பார்க்கலாம். பாட்டில் ஒரு வெர்ஸ் என்பது வழக்கமாக 16 பார். நாம் அதில் பாதியை, 8 பாரை எடுத்துக்கொள்வோம்.

எழுதத் தொடங்குமுன் பேசுகிறவர் யார் என்று முடிவு செய்ய வேண்டும். 'சமூக அநீதி பற்றி எழுதப்போகிறேன்' என்று தொடங்கினால் எல்லாச் சொல்லும் உள்ளே வரலாம், எதற்கும் தடையில்லை. அதனாலேயே எந்தச் சொல்லும் அழுத்தமாக விழாது. நாம் எடுத்துக்கொள்ளும் ஆள் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில் சேலைப் பிரிவில் நிற்கிற பெண். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. ஊழியர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று அது சொல்கிறது. கேரளம் இதை 2018-லேயே செய்துவிட்டது. நம் பெண்ணின் கடையில் ஸ்டூல் இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

அவள் யாரிடம் பேசுகிறாள் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். அமைச்சரிடமா, முதலாளியிடமா, ஊருக்கா? பக்கத்துக் கவுண்டரில் நிற்கும் தோழியிடம் தணிந்த குரலில் பேசுகிறாள் என்று வைப்போம். உடனே பல சொற்கள் தாமாக வெளியேறிவிடும். 'சுரண்டல்', 'உழைக்கும் வர்க்கம்', 'சரித்திரம்' எல்லாம் தோழியிடம் பேசும்போது வாயில் வராது. முதலாளி ஏசி அறையில் பணம் எண்ணுகிறார் என்ற வரியும் போய்விடும், ஏனென்றால் மூன்றாவது மாடிக் கவுண்டரிலிருந்து அந்த அறை தெரியாது. அவளுக்குத் தெரிவது முந்தி, பார்டர், கிளிப்பச்சை, அரக்கு, சேலை விரிக்கிற வெள்ளை மெத்தை, எதிரே உட்கார்ந்திருக்கும் அக்கா, தன் கால். நம் சொற்களஞ்சியம் இவ்வளவுதான். ரைம் தேடுவதற்கு இது குறைச்சல் என்று பயப்பட வேண்டாம். எல்லை சிறிதாக இருந்தால்தான் தேடல் ஓர் இடத்தில் போய் முடியும்.

அடுத்தது கடைசி வரி. வெர்ஸின் முடிவை முதலில் எழுதுவது ராப்பில் பலர் கையாளும் வழி. இந்தப் பெண் சொல்ல வேண்டிய ஒரே விஷயம் என்ன? அவள் நாள் முழுக்க விரிக்கிற சேலைக்குப் படுக்க மெத்தை இருக்கிறது, அவளுக்கு உட்கார இடமில்லை. இதை ஓசைக்குக் கொண்டுவர வேண்டும். 'மெத்தை கெடக்கு' என்று பேச்சுவழக்கில் வைத்தால் எ, ஐ, எ, அ, உ என்று உயிர் வரிசை கிடைக்கிறது. இதற்கு இணை தேடும்போது 'எங்க எனக்கு' வந்து நிற்கிறது. எ, அ, எ, அ, உ. பேச்சில் கடைசி ஐகாரம் குறுகி ஒலிப்பதால் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்கு முன்னால் 'படுக்க' என்பதற்கு 'மடக்க', 'சேலை'க்குக் 'காலை'. இப்போது வரி இரண்டும் முழுக்க இணைகின்றன:

சேலை படுக்க மெத்தை கெடக்கு
காலை மடக்க எங்க எனக்கு?

இந்த இரண்டு வரியிலும் ரைம் செய்கிற சொல் எது என்று விரலை வைத்துக் காட்ட முடியாது, வரி முழுவதுமே ரைம். யாப்பு படித்தவர்கள் அலகிட்டுப் பார்த்தால் தேமா, புளிமா, தேமா, புளிமா என்று இரண்டு வரியும் ஒரே வாய்பாட்டில் வருவதைக் காணலாம். நம் பழைய சீர்க்கணக்கு ராப் எழுதுகிறவருக்கு நேரடியாகப் பயன்படுகிற கருவி. அதைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டவர்கள் மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

இனி முன்னால் உள்ள ஆறு வரிகளை இந்த முடிவை நோக்கி எழுத வேண்டும். அவள் என்ன செய்கிறாள் என்பதில் தொடங்குவோம். விரிக்கிறாள், சிரிக்கிறாள், விற்கிறாள், நிற்கிறாள். 'விக்கிறேன்', 'நிக்கிறேன்' என்று வரிகளை முடித்தால் 'கிறேன்' இலவசமாக வந்தது, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்கு முன்னால் 'விரிச்சு', 'சிரிச்சு' இரண்டையும் வைத்தால் 'விரிச்சு நிக்கிறேன்', 'சிரிச்சு விக்கிறேன்' என்று ஆறு அசைக்கு இ, இ, உ, இ, இ, ஏ என்று பிசகாமல் ஓடுகிறது. இதில் விகுதி வெறும் வால், பளுவைச் சுமப்பது முன்னால் இருக்கிற நான்கு அசைதான். வரியின் தொடக்கத்திலும் இணை வைக்கலாம். 'மூணாவது மாடியில' என்று இடத்தைச் சொன்னால் 'கோணாமலே வாடிக்கைக்கு' என்று முகம் கோணாமல் விற்பதைச் சொல்லலாம்.

அடுத்த இரண்டு வரியில்தான் எழுதுகிறவருக்குச் சோதனை. எதிரே இருக்கும் அக்கா கிளிப்பச்சையில் ஒன்று, அரக்கில் நாலு கேட்கிறாள். 'அரக்குல நாலு' என்பதற்கு இணை வேண்டும். வாய்க்குள் உருட்டிப் பார்த்தால் முதலில் வருவது 'கறக்குற பாலு'. அ, அ, உ, அ, ஆ, உ. ஓர் உயிர்கூடத் தப்பவில்லை. இதைவிடச் சுத்தமான ரைம் கிடைக்காது. ஆனால் மூன்றாவது மாடி ஜவுளிக்கடையில் பாலுக்கு என்ன வேலை? இந்த இடத்தில் பலர் பாலை வைத்துக்கொண்டு, அதை நியாயப்படுத்த ஊரில் ஒரு மாட்டையும் அம்மாவையும் கூட்டிவந்து இரண்டு வரி கூடுதலாக எழுதுவார்கள். அங்கேதான் வெர்ஸ் தன் ஆளைவிட்டு விலகத் தொடங்குகிறது. 'மரக்குது காலு' என்பது ஓசையில் ஒரு படி குறைவு, நான்காவது உயிர் அகரத்துக்குப் பதில் உகரமாக இருக்கிறது. ஆனால் அது அவளுடைய கால். ஓசையில் ஒரு படி விட்டுக்கொடுத்து ஆளைக் காப்பாற்றிக்கொள்வதே சரி. ரைம் அவள் வாயில் வருகிற சொல்லாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் சமரசத்துக்கு இடம் தர மாட்டேன்.

ஐந்தாவது, ஆறாவது வரிகளில் சட்டம் வருகிறது. அவள் சட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டாள், 'கோட்டையில' என்பாள். 'சட்டம் வந்தாச்சு' என்பதற்குத் 'திட்டும் தந்தாச்சு'. இங்கே முதல் உயிரே வேறு, ஒன்று அ, மற்றது இ. இருந்தும் காது ஏற்றுக்கொள்கிறது. காரணம் நம் எதுகை. இரண்டு சொல்லிலும் 'ட்ட்' என்ற இரட்டிப்பு ஒரே இடத்தில் விழுகிறது, முதல் எழுத்து இரண்டும் குறில். உயிர் வரிசை தவறுகிற இடத்தில் எதுகை வந்து தாங்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இல்லாத வசதி இது.

முழு எட்டு வரிகள் இப்படி நிற்கின்றன. சாய்கோடு ஒவ்வொன்றும் ஒரு தட்டைப் பிரிக்கிறது.

மூணாவது / மாடியில / விரிச்சு / நிக்கிறேன்
கோணாமலே / வாடிக்கைக்கு / சிரிச்சு / விக்கிறேன்
அக்காவுக்கு / கிளிப்பச்சை / அரக்குல / நாலு
பத்தாவது / மணிநேரம் / மரக்குது / காலு
கோட்டையில / எனக்காக / சட்டம் / வந்தாச்சு
கேட்டதுக்கு / கணக்காகத் / திட்டும் / தந்தாச்சு
சேலை / படுக்க / மெத்தை / கெடக்கு
காலை / மடக்க / எங்க / எனக்கு?

இப்போது ஃப்ளோ. ஒரு பாருக்கு நான்கு தட்டு. முதலாவது, மூன்றாவது தட்டுகளில் பொதுவாகக் கிக் டிரம்மின் கனத்த ஓசையும், இரண்டாவது, நான்காவது தட்டுகளில் ஸ்னேரின் சுளீர் ஓசையும் விழும். பீட்டின் வேகத்தை நிமிடத்துக்கு 90 தட்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு தட்டுக்கு முக்கால் நொடிக்கும் சற்றுக் குறைவு, ஒரு பார் 2.67 நொடி. எட்டு பார் சுமார் 21 நொடியில் முடிந்துவிடும். ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பிரிக்க வேண்டும். மிருதங்கம் கற்றவர்களுக்கு இது சதுஸ்ர நடை. 'தகதிமி' என்று ஒரு தட்டுக்கு ஒருமுறை, பாருக்கு நான்குமுறை சொன்னால் 16 இடம் கிடைக்கிறது. வெர்ஸின் ஒவ்வொரு அசையும் இந்த 16 இடங்களில் எங்கோ உட்கார வேண்டும்.

முதல் வரியை வைத்துப் பாருங்கள். 'மூணாவது' நான்கு அசை, முதல் தகதிமியில் நிறைகிறது. 'மாடியில' இரண்டாவதில் நிறைகிறது. 'விரிச்சு' மூன்று அசைதான். ஆனால் 'ரிச்' என்பதில் ஒற்று நின்று அழுத்துவதால் அதற்கு இரண்டு இடம் கொடுக்கலாம். வி, ரிச், சு என்று ஒன்று, இரண்டு, ஒன்றாக நான்கு இடமும் சரியாகின்றன. 'நிக்கிறேன்' என்பதில் 'நிக்' இரண்டு இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஒற்று வருகிற இடத்தில் குரல் தானாகவே தங்குகிறது என்பதால், எங்கே நீட்டுவது என்று தனியாக யோசிக்க வேண்டியதில்லை, சொல்லே காட்டிக்கொடுக்கும். 'விரிச்சு', 'சிரிச்சு', 'அரக்குல', 'மரக்குது' என்ற ரைம் சொற்கள் எல்லாம் மூன்றாவது தட்டிலேயே தொடங்குவதையும் கவனியுங்கள். ரைம் பாருக்குப் பார் ஒரே தட்டில் விழுந்தால்தான் கேட்கிறவர் அதை எதிர்பார்க்கத் தொடங்குவார். ஒரு வரியில் இரண்டாவது தட்டிலும் அடுத்ததில் நான்காவதிலும் விழுந்தால் ஓசை எவ்வளவு ஒத்திருந்தாலும் காது இரண்டையும் சேர்த்துப் பிடிக்காது.

மூன்றாவது, நான்காவது வரிகளின் கடைசியில் 'நாலு', 'காலு' என்று இரண்டே அசை. அவற்றை நீட்டாமல் வெட்டிச் சொன்னால் தட்டில் பாதி காலியாகிறது. ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. மூச்சு எடுக்க அது போதும். பத்து நொடிக்கு மேல் மூச்சுக்கு இடம் விடாமல் எழுதிய வெர்ஸைத் தாளில் படிக்கலாம், மேடையில் சொல்ல முடியாது. எழுதும்போதே மூச்சு எடுக்கும் இடத்தை ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொள்வது நல்லது.

வரிகளில் அசையை எண்ணினால் முதல் நான்கு வரிகளில் 14, ஐந்திலும் ஆறிலும் 13, கடைசி இரண்டில் 10. இதை வேண்டுமென்றே வைக்க வேண்டும். நெருக்கமாக ஓடிவந்த பேச்சு கடைசியில் விரியும்போது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கிறது. மெத்தை, கெடக்கு, காலை, மடக்க என்று தட்டுக்கு ஒரு சொல். எட்டு வரியும் ஒரே நெருக்கத்தில் ஓடியிருந்தால் முடிவு வந்ததே தெரியாமல் கடந்துபோயிருக்கும். சீரான ஃப்ளோ என்றால் எல்லா வரியிலும் ஒரே எண்ணிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தட்டு அசையாமல் இருக்க வேண்டும், அதற்கு மேலே அசைகள் நெருங்கலாம், விலகலாம்.

கடைசி வரியில் இன்னொன்றும் செய்யலாம். 'காலை மடக்க' என்று சொல்லிவிட்டு மூன்றாவது தட்டின் முதல் பாதியை மௌனமாக விடுங்கள். அந்தத் தட்டின் பின்பாதியில் 'எங்க' என்று சுருக்கமாகச் சொல்லி, நான்காவது தட்டில் ஸ்னேரோடு 'எனக்கு' விழட்டும். ஏழு வரியாகச் சொல் தட்டின் தலையிலேயே விழுந்து பழகிய காது, அந்த வெற்றிடத்தில் ஒரு கணம் நின்றுவிடும். இப்படித் தட்டைத் தள்ளிப்போடுவது வெர்ஸுக்கு ஒருமுறை போதும். ஐந்தாறு இடத்தில் செய்தால் தாளம் தவறுகிறார் என்று நினைப்பார்கள்.

எங்கே தவறுகிறது என்று கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. முதலாவது, மெய்யெழுத்தைக் கழற்றிவிட்டு உயிரை மட்டும் பீட்டுக்குச் சொல்லிப் பார்ப்பது. 'இ-இ-உ-இ-இ-ஏ' என்று இரண்டு வரியிலும் ஒரே மாதிரி வந்தால் அது ரைம். எழுத்தில் ஒத்துவந்து இந்தச் சோதனையில் கலைந்தால் அது கண்ணுக்கான ஒற்றுமைதான், காதுக்குப் பயன்படாது. இரண்டாவது, ஃபோனில் 90 வேகத்தில் மெட்ரோனோம் வைத்து, பீட்டின் இசை எதுவும் இல்லாமல் பதிவு செய்து கேட்பது. பீட்டின் சத்தம் பல குறைகளை மறைத்துவிடும். வெறும் டிக் ஓசைக்கு மேல் கேட்டால் எந்தச் சொல் தட்டுக்கு முன்னால் ஓடுகிறது, எது பின்தங்குகிறது என்பது பளிச்சென்று தெரியும்.

நெரிசல் இன்னொரு குறை. ஐந்தாவது வரியை 'ஜார்ஜ் கோட்டையில உக்காந்து எனக்காக ஒரு சட்டம் வந்தாச்சு' என்று எழுதினால் தகவல் கூடுகிறது, ஆனால் அசை 19 ஆகிவிடுகிறது. இருப்பதோ 16 இடம். அதைச் சொல்ல முயல்கிறவர் 'எனக்காக' என்பதை விழுங்குவார், அல்லது அடுத்த பாரின் முதல் தட்டில் இடிப்பார். வேகமாகச் சொல்லப் பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்துப் பலர் வாரக்கணக்கில் நாக்கைப் பழக்குகிறார்கள். பழக்கத்தால் தீராது, வெட்டினால்தான் தீரும். 'ஜார்ஜ்' போகட்டும், கோட்டை என்றால் எது என்று எல்லோருக்கும் தெரியும். 'உக்காந்து' போவதில் எனக்கு வருத்தம்தான், உட்கார்ந்து சட்டம் போட்டார்கள் என்பதில் ஒரு நியாயமான கோபம் இருக்கிறது. அதை இரண்டாம் பாதியில் எங்காவது வைத்துக்கொள்ளலாம்.

அந்த இரண்டாம் பாதி, மீதமுள்ள 8 பார், வேறு நடையில் போகலாம். தகதிமிக்குப் பதில் 'தகிட' என்று தட்டை மூன்றாகப் பிரித்தால் திஸ்ர நடை. பாருக்கு 12 இடம். ஆங்கிலத்தில் டிரிப்லெட் ஃப்ளோ என்று பேர்பெற்றது இதுதான். நடை மாறினாலும் ஆள் மாறக் கூடாது. மூன்றாவது மாடியில் தொடங்கிய பெண் பன்னிரண்டாவது பாரில் மேடைப் பேச்சாளராகிவிட்டால் முதல் எட்டு வரியில் சேர்த்ததெல்லாம் வீண்.

தமிழில் இதைச் செய்து காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. மலேசியாவில் யோகி பி, நட்சத்ரா குழு 2006-ல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். அறிவும் ஆஃப்ரோவும் 2019-ல் 'தெருக்குறள்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். இந்த ஆல்பங்களைக் கேட்கும்போது பாட்டைப் பாட்டாகக் கேட்டுவிட்டு, மறுபடி ஒரு வெர்ஸை மட்டும் எடுத்து, தாளில் நான்கு கட்டம் போட்டு எந்தச் சொல் எந்தத் தட்டில் விழுகிறது என்று எழுதிப் பாருங்கள். ஒரு வெர்ஸுக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும். ராப் எழுதுவது பற்றி எவர் சொல்லிக்கொடுப்பதையும்விட அது அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

பிறகு உங்கள் ஆளைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் நன்றாகப் பார்த்த வேலை, நீங்கள் அறிந்த பேச்சு. அவர் யாரிடம் பேசுகிறார் என்று எழுதிவைத்துவிட்டுக் கடைசி இரண்டு வரியில் தொடங்குங்கள். அந்த இரண்டு வரியும் விகுதிக்கு முன்னால் ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு, மீதியை அதன் பிறகு எழுதுங்கள்.